சோடா உப்பு பால் மாதிரி ஆனால் சல்பேட் என்று அர்த்தமா?

கேள்வி: "பெருந்துறை பக்கம் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் க்யூசி-யில் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. சோடியம் பைகார்பனேட் லாட் ஒன்றுக்கு லிமிட் டெஸ்ட் போட்டேன். எங்கள் ஸ்பெசிஃபிகேஷனில் குளோரைடு 1 கிராமுக்கு, சல்பேட் 1 கிராமுக்கு, இரும்பு 2 கிராமுக்கு. சல்பேட்டில் சாம்பிள் பால் மாதிரி ஆகிவிட்டது. குளோரைடில் ஸ்டாண்டர்டுக்குச் சமமா, கொஞ்சம் கூடவா என்றே தெரியவில்லை. இரும்பில் சாம்பிள் தண்ணீர் மாதிரி இருந்தது. சப்ளையர் சிஓஏ-யில் எல்லாம் பாஸ், சீனியர் ரிஜெக்ட் போடச் சொல்கிறார். எதை நம்புவது அண்ணா?"

இப்போதைக்கு லாட்டை ரிஜெக்டும் செய்யாதீர்கள், பாஸும் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று அடையாளத்தையும் படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து, பார்மகோப்பியாவின் பொது அத்தியாயத்தில் உள்ள செய்முறையை அப்படியே போட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்முறை, சாம்பிள் தண்ணீரில் கரைந்து சும்மா கிடக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. சோடா உப்பு சும்மா கிடக்காது, ஊற்றுகிற அமிலத்தை எல்லாம் தின்றுவிடும். மூன்று சோதனையிலும் உங்களுக்கு நடந்த வேடிக்கைக்கு அந்த ஒரே காரணம் போதும். நான் இருபது வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் மருந்துக் கம்பெனி லேப்களில் இருந்தவன். இதே பால் என் கையிலும் ஒரு தடவை பொங்கியிருக்கிறது, அதனால் தைரியமாகவே சொல்கிறேன். ஆனால் உங்கள் பெஞ்சில் நான் நிற்கவில்லை, கீழே சொல்கிற சோதனைகளைப் போட்டு நீங்களேதான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சல்பேட்டிலிருந்து தொடங்கலாம், அதில்தான் விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நெஸ்லர் சிலிண்டரில் 25 சதவீத பேரியம் குளோரைடு 1 மிலி, அதன்மேல் 10 பிபிஎம் எத்தனாலிக் சல்பேட் ஸ்டாண்டர்ட் 1.5 மிலி, கலக்கி ஒரு நிமிஷம் விட்டு, அப்புறம் 15 மிலி சாம்பிள் கரைசல், 5 மோலார் அசிட்டிக் அமிலம் 0.15 மிலி, தண்ணீரில் 50 மிலி வரை, கிளறி ஐந்து நிமிஷம். இதுதானே போட்டீர்கள்? இப்போது கணக்கைப் பாருங்கள். 1 கிராம் சோடா உப்பை முழுக்கச் சமன் செய்ய கிட்டத்தட்ட 12 மில்லிமோல் அமிலம் வேண்டும். நீங்கள் ஊற்றிய அசிட்டிக் அமிலத்தில் இருப்பது முக்கால் மில்லிமோல். பதினாறில் ஒரு பங்கு. மீதி பைகார்பனேட் அப்படியே கிடக்க, பேரியம் போய் அதனோடு சேர்ந்து பேரியம் கார்பனேட்டாக இறங்கும். அதுவும் வெள்ளைதான், கண்ணுக்குப் பேரியம் சல்பேட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அளவில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்டாண்டர்டில் 150 மைக்ரோகிராம் சல்பேட், அது முழுக்க இறங்கினாலும் பேரியம் சல்பேட் அரை மில்லிகிராம்கூட வராது. உங்கள் சாம்பிள் பக்கம் இருந்த பேரியம் முழுக்க கார்பனேட்டாக இறங்கினால் 200 மில்லிகிராம் வரை போகலாம். அதனால்தான் ஸ்டாண்டர்ட் லேசான பனிமூட்டமாகவும் சாம்பிள் ஆவின் பால் மாதிரியும் நின்றது. நிஜமான சல்பேட் வரம்பைத் தாண்டினால் பொதுவாக இப்படிப் பால் ஆகாது. ஸ்டாண்டர்டைவிட ஒரு படி, இரண்டு படி தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரேயடியாகப் பால் ஆனது என்றாலே வேறு ஏதோ இறங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதை உறுதி செய்வது சுலபம். அந்தச் சிலிண்டரை இன்னும் கழுவவில்லை என்றால் அதிலேயே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், பொங்கும், மெதுவாக விடுங்கள். கழுவிவிட்டீர்கள் என்றால் திரும்ப ஒரு முறை வேண்டுமென்றே அதே மாதிரி போடுங்கள். நுரைத்து, வெள்ளை எல்லாம் கரைந்து தெளிந்துவிட்டால் அது கார்பனேட். பேரியம் சல்பேட்டுக்கு அமிலம் என்பதெல்லாம் பொருட்டே இல்லை, அப்படியே நிற்கும். தெளிந்த பிறகு லேசான மூட்டம் மிஞ்சினால், அதுதான் நீங்கள் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டிருக்க வேண்டிய மூட்டம். அதை வைத்து ரிசல்ட் எழுதக்கூடாது, காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது.

முறையாகச் செய்வது இப்படி. 1 கிராம் சாம்பிளை ஒரு பீக்கரில் 10 மிலி தண்ணீரில் போட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொங்கி அடங்கும் வரை காத்திருந்து, லேசாகச் சூடாக்கிக் கரியமில வாயுவைத் துரத்தி, நன்றாக ஆறவைத்து 15 மிலி ஆக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் பொங்க விடக்கூடாது. அந்த 2 மிலியில் 23 மில்லிமோல் அளவுக்கு அமிலம் இருக்கும், சோடா உப்பு தின்றது போக ஏறக்குறைய பாதி மிஞ்சும். பார்மகோப்பியாவில் அந்தந்தப் பொருளுக்கென்று தனியாக உள்ள மோனோகிராஃபில் சில இடத்தில் இதை "இத்தனை கிராமை இத்தனை மிலி அமிலத்தோடு கரைத்து" என்று அரை வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பொது அத்தியாயத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் அந்த அரை வரி கண்ணில் படாது. உங்கள் கம்பெனி எஸ்ஓபி-யில் அந்த வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள், எனக்கென்னவோ அங்கேதான் கோளாறு என்று படுகிறது.

அந்த 1.5 மிலி எத்தனாலிக் ஸ்டாண்டர்டை எதற்கு முதலிலேயே ஊற்றுகிறோம் என்று கேட்டால் நிறையப் பேர் முழிப்பார்கள். பேரியம் சல்பேட் இவ்வளவு குறைந்த அளவில் தானாக இறங்குவதற்குச் சோம்பல் படும். ஒரு நாள் இரண்டு நிமிஷத்தில் வரும், இன்னொரு நாள் பத்து நிமிஷம் ஆகும். அதனால் முன்கூட்டியே கொஞ்சம் சல்பேட்டைப் பேரியத்தோடு சேர்த்து, ஆல்கஹால் உதவியோடு பொடிப்பொடியான படிகங்களை உருவாக்கி வைத்துக்கொள்கிறோம். பால் உறைய உறைமோர் ஊற்றுகிற மாதிரி. அப்புறம் வரும் சல்பேட் எல்லாம் அதன்மேல் ஏறிச் சட்டென்று, இரண்டு சிலிண்டரிலும் ஒரே வேகத்தில் மூட்டம் கட்டும். வரிசையை மாற்றிச் சாம்பிளை முதலில் ஊற்றிவிட்டு உறையைப் பிறகு ஊற்றினாலோ, ஒரு சிலிண்டருக்கு ஒரு நிமிஷம், இன்னொன்றுக்கு நாலு நிமிஷம் விட்டாலோ, துகள் அளவு மாறிவிடும். ஒரே அளவு சல்பேட் இருந்தாலும் மூட்டம் ஒன்றாகத் தெரியாது, ஏனென்றால் கண் பார்ப்பது எடையை இல்லை, துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் விதத்தை.

குளோரைடுக்கு வருவோம். இது உங்களை ஏன் குழப்பியது என்றால், அநேகமாகக் குமிழி. இந்திய பார்மகோப்பியா முறையில் கரைசலோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் 10 மிலி, 50 மிலி வரை தண்ணீர், 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 1 மிலி, கிளறி வெளிச்சம் படாமல் ஐந்து நிமிஷம். ஸ்டாண்டர்டுக்கு 25 பிபிஎம் குளோரைடு கரைசல் 10 மிலி, அதாவது 250 மைக்ரோகிராம் குளோரைடு. நீங்கள் 1 கிராம் எடுப்பதால் வரம்பு 250 பிபிஎம் ஆகிறது. இந்த 10 மிலி நீர்த்த அமிலத்தில் 16 மில்லிமோல் போல இருக்கும், சோடா உப்பு 12-ஐ எடுத்துக்கொண்டுவிடும். மிஞ்சுவது சொற்பம், ஆனாலும் மிஞ்சுகிறது, அதனால் சல்பேட்டில் நடந்த மாதிரி முழுப் பால் ஆகவில்லை. அமிலம் கொஞ்சம் பழசாகி நீர்த்துப்போயிருந்தாலோ, யாராவது கை சுருக்கி 7 மிலி ஊற்றியிருந்தாலோ வெள்ளிக் கார்பனேட் இறங்க ஆரம்பிக்கும். அது மட்டும் இல்லை, பொங்கல் முழுக்க சிலிண்டருக்குள்ளேயே நடந்ததால் கரியமில வாயு பொடிக் குமிழிகளாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்புப் பின்னணியில் பக்கவாட்டில் பார்க்கும்போது அதுவும் மூட்டம் மாதிரியே தெரியும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: சிலிண்டரை மெதுவாகச் சுண்டிவிட்டுப் பாருங்கள். குமிழி என்றால் நூல் நூலாக மேலே ஏறும். வெள்ளிக் குளோரைடு ஏறாது, நீல வெள்ளையாகப் புகை மாதிரி அங்கங்கேயே மிதக்கும்.

அதனால் இங்கேயும் பீக்கரிலேயே வேலையை முடியுங்கள். 1 கிராம் சாம்பிளுக்கு 20 மிலி தண்ணீர், அடர் நைட்ரிக் அமிலம் 2 மிலி மெதுவாக, நுரை அடங்கி, சூடாக்கி, ஆறவைத்து அப்புறம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். இப்படிக் கரைக்கும்போதே நைட்ரிக் அமிலம் சேர்த்துவிட்டால் 10 மிலி நீர்த்த அமிலம் தனியாக வேண்டாம் என்று பார்மகோப்பியாவே சொல்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலைத் தப்பிப்போய் இங்கே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேரடியாக எடுப்பது அபூர்வம், உண்மையில் நடப்பது வேறு: காலையில் சல்பேட்டுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் அளந்த அதே அளவுக் குழாயை ஒரு அலசு அலசிவிட்டு நைட்ரிக் அமிலத்துக்கு எடுப்பார்கள். அடர் அமிலம் ஒரு சொட்டில் இருக்கும் குளோரைடு உங்கள் ஸ்டாண்டர்டில் இருப்பதைப் போல எண்பது மடங்கு. மூன்று சோதனைக்கும் தனித்தனிக் கண்ணாடி, அதில் பேச்சே இல்லை.

ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் எவ்வளவு அமிலம் என்பதில் ஒரு பழைய வழக்கு உண்டு, எங்கள் வட்டத்திலேயே இரண்டு கட்சி. சாம்பிளுக்கு ஊற்றிய அதே 2 மிலியை ஸ்டாண்டர்டுக்கும் ஊற்று என்பது ஒரு கட்சி, அப்போதுதான் அமிலத்தில் இருக்கும் அழுக்கு இரண்டு பக்கமும் சமமாகும். சோடா உப்பு தின்றது போக மிஞ்சும் அமிலத்தை மட்டும் ஊற்று என்பது இன்னொரு கட்சி, அப்போதுதான் கடைசியில் இரண்டிலும் புளிப்பு ஒன்றாக இருக்கும். நான் முதல் கட்சி. குளோரைடில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. சல்பேட்டில் அமிலம் கூடினால் மூட்டம் கொஞ்சம் தாமதமாகும், லேசாகும், அங்கே வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வேன். உங்கள் எஸ்ஓபி என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், முடிவு நூலிழையில் தொங்கும்போது மட்டும் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைகள் எதுவுமே அளப்பதில்லை, இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதோடு சரி. ஈரோடு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து உள் நிறம் பார்க்கிறவர் எண் சொல்ல மாட்டார், இதைவிட அது என்பார், அந்த மாதிரி. ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றாக விழும் தப்பு பெரும்பாலும் தானாகக் கழிந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் விழும் தப்புதான் முடிவைப் புரட்டும். ஒரு உதாரணம். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் தண்ணீரிலிருந்து உப்பு நீக்கும் டிஎம் பிளாண்ட் ரெசினை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு ரீஜெனரேட் செய்துவிட்டு, கழுவ வேண்டிய அளவு கழுவாமல் தண்ணீரை லேபுக்குத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு குளோரைடு போட்டபோது கண்ணாடி கழுவும் அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க சார், இன்னைக்கு ரெண்டுமே மோராட்ட இருக்குதுங்க" என்றார். நான் ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒன்றையொன்று ஒத்திருந்ததைப் பார்த்துத் திருப்தியாக எழுதப் போய்க்கொண்டிருந்தேன். அவர் தினமும் அந்தச் சிலிண்டர்களைப் பார்க்கிறவர், ஸ்டாண்டர்ட் எப்போதும் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். வெறும் தண்ணீரில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்த்தால் அதுவே மூட்டம். இரண்டு பக்கமும் சமமாகக் கூடியிருந்ததால் பாஸ் ஃபெயில் தலைகீழாகவில்லை, ஆனால் அவ்வளவு தடித்த மூட்டத்துக்கு நடுவில் சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. வரம்பைக் கொஞ்சம் தாண்டிய லாட் அன்றைக்கு நழுவியிருக்கும். அன்றிலிருந்து தண்ணீர் பிளாங்க் போடாமல் நான் குளோரைடு தொடங்குவதில்லை.

ஒரு பக்கத் தப்புக்கு உதாரணம் நம் ஊர் தண்ணீரே. சிறுவாணி குழாயில் வரும் இடத்தில் கடைசி அலசல் சரியில்லை என்றாலும் ஏதோ தப்பித்துக்கொள்ளலாம். போர் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர் வரும் இடமாக இருந்து, ஒரு சிலிண்டரை மட்டும் அவசரத்தில் அதில் அலசிக் கவிழ்த்திருந்தால், காய்ந்த உப்பு அடியில் வளையமாக நிற்கும். குளோரைடும் சல்பேட்டும் இரண்டும் அதில் உண்டு. அது சாம்பிள் சிலிண்டராக இருந்தால் நல்ல லாட் ஃபெயில், ஸ்டாண்டர்ட் சிலிண்டராக இருந்தால் கெட்ட லாட் பாஸ். சித்திரை வெயிலில் வேர்த்த விரலைச் சிலிண்டர் வாயில் வைத்துக் குலுக்குகிறவர்களும் உண்டு, வேர்வை என்பதே உப்புத் தண்ணீர்தான். கண்ணாடிக் குச்சி எதற்கு இருக்கிறது?

இரும்புதான் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றிக் கடைசியாக, கவலைப்படாமல் சொல்லியிருக்கிறீர்கள். குளோரைடும் சல்பேட்டும் இந்த உப்பில் தப்பாகப் போனால் பெரும்பாலும் பொய்யாக ஃபெயில் காட்டும், கத்தி ஊரைக் கூட்டும், யாராவது திரும்பப் பார்ப்பார்கள். இரும்பு தப்பாகப் போனால் சத்தமில்லாமல் பாஸ் காட்டும். 2 கிராமுக்கு வரம்பு 20 பிபிஎம், ஸ்டாண்டர்டில் 20 பிபிஎம் இரும்புக் கரைசல் 2 மிலி, அதாவது 40 மைக்ரோகிராம். இரண்டிலும் இரும்பு இல்லாத 20 சதவீத சிட்ரிக் அமிலம் 2 மிலி, தயோகிளைகாலிக் அமிலம் 0.1 மிலி, அப்புறம் அம்மோனியா விட்டுக் காரமாக்கி, 50 மிலி வரை தண்ணீர், ஐந்து நிமிஷம். தயோகிளைகாலிக் அமிலம் பெர்ரிக்கைப் பெர்ரஸாகக் குறைத்து அதோடு சேர்ந்து இளஞ்சிவப்பிலிருந்து ஊதா வரை ஒரு நிறம் கொடுக்கும். சிட்ரிக் அமிலம் எதற்கென்றால், அம்மோனியா விட்டதும் இரும்பு ஹைட்ராக்சைடாகச் செம்மண் மாதிரி இறங்கிவிடாமல் கரைசலிலேயே பிடித்து வைக்க. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஊதா நிறம் காரத்தில் மட்டும்தான் வரும். கரைசல் புளிப்பாகவோ நடுநிலையாகவோ இருந்தால் இரும்பு எவ்வளவு இருந்தாலும் நிறமே வராது.

இப்போது 2 கிராம் சோடா உப்பைக் கரைக்க நீங்கள் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 4 மிலி ஊற்றியிருந்தால், உப்பு தின்றது போக 20 மில்லிமோலுக்கு மேல் அமிலம் அதில் மிஞ்சியிருக்கும், சிட்ரிக் அமிலம் வேறு. ஸ்டாண்டர்டில் சிட்ரிக் அமிலத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி அமிலம் இல்லை. அடர் அம்மோனியா அரை மிலியைத் தாண்டியதும் ஸ்டாண்டர்ட் காரமாகி ஊதா காட்டிவிடும். சாம்பிளுக்கு அதுவே 2 மிலிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் "ஒரே மாதிரி" 1 மிலி அம்மோனியா விட்டீர்கள் என்றால் ஸ்டாண்டர்ட் ஊதா, சாம்பிள் பளிங்கு. நோட்டில் "பாஸ்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். இங்கே ஒரே மாதிரி என்பது ஒரே அளவு அம்மோனியா இல்லை, ஒரே கார நிலை. கண்ணாடிக் குச்சியின் நுனியால் சிவப்பு லிட்மஸைத் தொட்டுப் பாருங்கள், நீலமாக மாறும் வரை அம்மோனியா விடுங்கள், இரண்டிலும் பாருங்கள். மூக்கை நம்பாதீர்கள், தயோகிளைகாலிக் அமிலத்தின் அழுகிய நாற்றத்தில் அம்மோனியா வாசனை சரியாகத் தெரியாது. ஒருவேளை அமிலமே விடாமல் வெறும் தண்ணீரில் கரைத்துப் போட்டிருந்தீர்கள் என்றால் கதை வேறு. பைகார்பனேட்டில் கரையாமல் தங்கிய துரு எதுவும் கரைசலுக்கு வந்திருக்காது, அப்போதும் பளிங்குதான். இரண்டில் எது நடந்தது என்று உங்கள் குறிப்பைப் பார்த்தால் தெரியும்.

சாம்பிளில் நிஜமாகவே இரும்பு இல்லையா, அல்லது இருந்தும் மறைகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் எனக்குப் பிடிக்கும். மூன்றாவதாக ஒரு சிலிண்டர் போடுங்கள். அதே 2 கிராம் சாம்பிள், அதே அமிலம், அதோடு இரும்பு ஸ்டாண்டர்ட் 2 மிலியும் சேர்த்து, மற்றதெல்லாம் அப்படியே. அதில் குறைந்தபட்சம் ஸ்டாண்டர்ட் அளவுக்கு ஊதா வந்தே ஆக வேண்டும். வந்தால் உங்கள் பளிங்கு உண்மையான பளிங்கு, வராவிட்டால் உங்கள் முறைக்கு இரும்பைப் பார்க்கும் கண்ணே இல்லை. சோதனைக்கு எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பு இல்லாததாக இருக்க வேண்டும். கடையில் கழிவறை கழுவ விற்கும் அமிலம் மஞ்சளாக இருப்பதற்கு இரும்பு ஒரு முக்கியக் காரணம், லேப் தர அமிலத்திலும் பிளாங்க் போட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. நிறத்தை வெள்ளை ஓட்டின் மேல் வைத்து மேலிருந்து கீழாகப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காற்றுப் பட்டு நிறம் வெளிறியிருக்கும்.

குளோரைடைத் திரும்பப் போட்டபிறகும் சமமா கூடவா என்ற சந்தேகம் தீரவில்லை என்றால், இரண்டு சிலிண்டரும் ஒரே விட்டம், ஒரே கண்ணாடி நிறம், 50 மிலி கோடு ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஜோடி மாறின சிலிண்டர் நிறைய லேபில் உண்டு. அப்புறம் இடது வலது மாற்றி வைத்து, எது சாம்பிள் என்று சொல்லாமல் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விசாரணைக்காக மட்டும் 8, 10, 12 மிலி ஸ்டாண்டர்டுகளை ஏணி மாதிரி வரிசையாகப் போட்டு, உங்கள் சாம்பிள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். என் கண்ணுக்கு 10-க்கும் 11-க்கும் வித்தியாசம் தெரியாது, 12 தெரியும். வரம்பு என்பது "ஸ்டாண்டர்டைவிடக் கூடுதல் இல்லை" என்பதுதான், சமமாக இருந்தால் பாஸ். ஆனால் அந்த நூலிழையில் ஒரு லாட்டின் தலையெழுத்து தொங்குகிறது என்றால் கண்ணை விட்டுவிட்டு, பொட்டன்ஷியோமெட்ரிக் டைட்ரேஷனோ அயான் குரோமட்டோகிராஃபியோ உள்ள லேபுக்கு அனுப்புங்கள். இரும்புக்கு அப்படி ஒரு சிக்கல் வந்தால் ஏஏஎஸ் அல்லது ஐசிபி. இன்னொரு எல்லையும் இருக்கிறது: சில்வர் நைட்ரேட்டுக்கு புரோமைடும் அயோடைடும் ஒன்றுதான், அவையும் மூட்டம் போடும். சோடா உப்பில் அது அவ்வளவு கவலைக்குரியதில்லை, வேறு மூலப்பொருளுக்கு இதே முறையை எடுத்துப் போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையர் சிஓஏ-யைப் பற்றி. அதில் "வரம்புக்குள்" என்று எழுதியிருந்தால் அவர்களும் உங்களைப் போல் சிலிண்டர் பார்த்திருக்கலாம். "40 பிபிஎம்" என்று எண் போட்டிருந்தால், எந்த முறையில் என்று கேளுங்கள், ஏனென்றால் இந்தச் சோதனையிலிருந்து அப்படி ஒரு எண் வராது. உங்கள் நோட்டிலும் எண் எழுதாதீர்கள், சாம்பிள் எடை, ஸ்டாண்டர்ட் அளவு, லிட்மஸ் பார்த்த குறிப்பு, "லிமிட் டெஸ்டுக்கு உட்பட்டது" அல்லது "உட்படவில்லை", இவ்வளவு போதும். முதலில் வந்த பாலை அடித்துவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் ரிசல்ட் அப்படியே இருக்கட்டும், அமிலம் விட்டதும் வெள்ளை கரைந்தது என்ற சோதனையைக் காரணமாகக் காட்டி, எஸ்ஓபி-யில் விட்டுப்போன வரியைச் சுட்டி, வரம்பு தாண்டிய முடிவுக்கான ஓஓஎஸ் விசாரணையாகப் பதிவு செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சீனியரிடம் வாக்குவாதம் வேண்டாம், அந்தப் பால் சிலிண்டரையும் அமிலப் பாட்டிலையும் அவர் மேஜைக்குக் கொண்டுபோய் அவர் கையாலேயே விடச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தச் சிலிண்டரை அப்படியே சிங்கில் கொட்டிவிடாதீர்கள். அமிலத்தில் கரைந்த பேரியம் விஷம். சோடியம் சல்பேட் கரைசல் கொஞ்சம் ஊற்றினால் பேரியம் எல்லாம் சல்பேட்டாக வெள்ளையாக அடியில் இறங்கிவிடும், அந்த வண்டலைத் தனிக் கழிவுப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.